வாய்ப் புண் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி: டிஸ்ப்ளேசியா, கிரேடு, ஸ்டேஜ்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தோட்டங்களில் வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்துப் போடுவது பழைய வழக்கம். கன்னத்துக்கு உள்ளே வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ தெரிந்து, டாக்டர் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புகிறார். சில நாள் கழித்துக் கைக்கு வரும் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அதை விளக்கிச் சொல்பவர் பெரும்பாலும் மலையாளத்தில் சொல்வார். வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லும்போது ஒரு சொல் மாறிவிடுகிறது. அடிக்கடி மாறுவது ஒன்றுதான்: "கிரேடு 2" என்று எழுதியிருந்தால் "ரெண்டாவது ஸ்டேஜாம்" என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். இரண்டும் வேறு வேறு.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டால் குழப்பம் தீரும். இது என்ன? செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன? நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? முதல் கேள்விக்கு விடை பினைன், டிஸ்ப்ளேசியா, கார்சினோமா என்ற சொற்களில் இருக்கும். இரண்டாவதற்கு விடை கிரேடு. மூன்றாவதுதான் ஸ்டேஜ். சிறு துண்டு எடுத்துப் பார்த்த பயாப்ஸி முதல் இரண்டுக்கு மட்டும் விடை சொல்லும். மூன்றாவதற்கு உடல் பரிசோதனையும் ஸ்கேனும், ஆபரேஷன் நடந்தால் அதற்குப் பிறகு வரும் பெரிய ரிப்போர்ட்டும் வேண்டும்.

கற்பனையாக அமைத்த ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கூடவே கொண்டுபோவோம். 52 வயதுப் பெண், கொளுந்து பறிக்கும் வேலை, 25 வருடமாகப் புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம். இடது கன்னத்தின் உட்பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் வெள்ளைத் திட்டு, அதற்குள் அங்கங்கே சிவப்பு. காரம் பட்டால் எரிகிறது. வெறும் வெள்ளையைவிட வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டில்தான் டாக்டர் அதிகக் கவலைப்படுவார். கூரான பல்லைத் தேய்த்துவிட்டும், வெற்றிலையை நிறுத்தியும் இரண்டு மூன்று வாரத்தில் மறையாத திட்டுக்கு பயாப்ஸி தேவை.

இங்கே ஒரு பயத்தைச் சொல்லியாக வேண்டும். "கத்தி பட்டால் பரவிடும்" என்ற பேச்சை நம்பிப் பலர் பயாப்ஸியைத் தள்ளிப்போடுகிறார்கள். வாயில் சிறு துண்டு எடுப்பதால் நோய் அடுத்த ஸ்டேஜுக்குப் போவதில்லை. தள்ளிப்போடும் மாதங்களில்தான் அது ஆழமாக இறங்குகிறது.

படி 1: முடிவைப் பார்க்கும் முன் தலைப்பைப் பாருங்கள்

எல்லோர் கண்ணும் நேரே கடைசி வரிக்கு ஓடும். முதலில் மேல் பகுதியைச் சரிபார்க்க வேண்டும். பெயர், வயது, பயாப்ஸி எண், எடுத்த தேதி, எடுத்த இடம், இடதா வலதா. நம் ஊரில் பெயர்ச் சிக்கல் அதிகம். கேரள ஆஸ்பத்திரிச் சீட்டில் வீட்டுப் பெயர் கேட்பார்கள். ஒருமுறை எஸ்டேட் பெயரையும் மறுமுறை அப்பா பெயரையும் எழுதினால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு உண்டாகும். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் உள்ளபடியே எல்லாச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். பக்கம் தவறாக இருந்தால் அன்றே லேபில் சொல்லித் திருத்திய ரிப்போர்ட் வாங்க வேண்டும். பேனாவால் அடித்துத் திருத்திக்கொள்ளக் கூடாது.

பயாப்ஸி எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். இதே எண்தான் கண்ணாடி ஸ்லைடிலும், சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியிலும் இருக்கும். அந்தக் கட்டியை பிளாக் என்பார்கள். பின்னால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இந்த மூன்றும் சேர்ந்தே தேவைப்படும்.

எடுத்த துண்டை உடனே ஃபார்மலினில் போட வேண்டும். துண்டின் அளவைப்போல் 10 முதல் 20 மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். தண்ணீரிலோ சலைனிலோ போட்டு மலைப்பாதையில் நாலைந்து மணி நேரம் அனுப்பினால் செல்கள் சிதைந்துவிடும். ரிப்போர்ட்டில் "ஆட்டோலிசிஸ்" என்ற சொல் வந்தால் பொருள் இதுதான்: பாதுகாப்பாக வந்து சேரவில்லை, சரியாகப் பார்க்க முடியவில்லை. இடுக்கியில் அழுத்திப் பிடித்ததால் நசுங்கிய துண்டுக்கு "கிரஷ் ஆர்டிஃபாக்ட்" என்று எழுதுவார்கள். இரண்டும் நோயின் பெயர் அல்ல.

படி 2: எவ்வளவு சதையைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

"கிராஸ்" என்ற தலைப்பின் கீழ் வருவது வெறும் கண்ணால் பார்த்த விவரம்: துண்டின் நிறம், நீளம், அகலம், தடிமன். யாரும் படிக்காத பகுதி இது. ஆனால் கீழே வரும் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதை இதுதான் சொல்கிறது.

நம் எடுத்துக்காட்டில் முதல் பயாப்ஸி 4 மில்லிமீட்டர் பஞ்ச், அதாவது வட்டமான குழாய்க் கத்தியால் எடுத்த சிறு துண்டு. திட்டின் அளவு 25 மில்லிமீட்டர். டாக்டர் வெள்ளையான ஓரத்தில் ஒரு துண்டு எடுத்தார், அதுவும் மேலோட்டமாக. ரிப்போர்ட் வருகிறது: "மாடரேட் எபிதீலியல் டிஸ்ப்ளேசியா. பார்த்த திசுவில் இன்வேஷன் இல்லை. துண்டு மேலோட்டமானது." வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதி சரியா என்று பார்க்க, டிஸ்ப்ளேசியா என்றால் என்ன என்று புரிய வேண்டும்.

படி 3: பினைன், டிஸ்ப்ளேசியா, கார்சினோமா

வாயின் உட்தோல் பல அடுக்குகளால் ஆனது. புதுச் செல்கள் அடி வரிசையில் பிறக்கும். பிறகு மேலே நகர்ந்துகொண்டே முதிர்ந்து, தட்டையாகி, கடைசியில் உதிரும். அடி வரிசைக்குக் கீழே காகிதம்போல் மெல்லிய ஒரு தளம் இருக்கிறது. பேஸ்மென்ட் மெம்பரேன் என்று ரிப்போர்ட்டில் வரும். இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அந்தத் தளத்துக்குக் கீழேதான் ஓடுகின்றன.

பினைன் என்றால் புற்றுநோய் அல்லாதது. "ஹைபர்கெரட்டோசிஸ்" என்றால் மேலே தோல் தடித்திருக்கிறது, "ஹைபர்பிளேசியா" என்றால் செல்கள் எண்ணிக்கையில் கூடியிருக்கின்றன. செல்களின் உருவமும் வரிசையும் கெடவில்லை. காலில் காய்ப்புக் காய்ப்பதுபோல உரசலாலும் வரும். "நோ டிஸ்ப்ளேசியா" என்றும் சேர்த்து எழுதியிருந்தால் நல்லது.

டிஸ்ப்ளேசியாவில் செல்களின் ஒழுங்கு கெட்டிருக்கும். உட்கரு பெரிதாகி, கருத்து, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், முதிராமலே மேலே ஏறும். இந்தக் கேடு அடி வரிசையில் தொடங்கி மேல் நோக்கிப் போகும். அடியில் மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் மைல்டு. நடுப்பங்குவரை வந்தால் மாடரேட். அதையும் தாண்டினால் சிவியர். முழுத் தடிமனும் கெட்டு, தளம் மட்டும் உடையாமல் இருந்தால் "கார்சினோமா இன் சிட்டு" என்று எழுதுவார்கள். சில லேபில் மூன்றாகப் பிரிக்காமல் லோ கிரேடு, ஹை கிரேடு என்று இரண்டாக மட்டும் எழுதுவதும் உண்டு. இந்த "கிரேடு" டிஸ்ப்ளேசியாவுடையது, புற்றுநோயின் கிரேடு அல்ல.

செல்கள் அந்தத் தளத்தை உடைத்துக் கீழே இறங்கிவிட்டால் அதற்குப் பெயர் இன்வேஷன். அந்த நொடியிலிருந்து நோயின் பெயர் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. இதை ஒரே வரியில் மனதில் வைக்கலாம்: டிஸ்ப்ளேசியாவை மேலே எவ்வளவு ஏறியது என்று அளக்கிறார்கள், புற்றுநோயைக் கீழே எவ்வளவு இறங்கியது என்று அளக்கிறார்கள்.

டிஸ்ப்ளேசியா எல்லாமே புற்றாக மாறுவதில்லை. வாயில் டிஸ்ப்ளேசியா உள்ளவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், ஏறக்குறைய 100 பேரில் 12 பேருக்குப் புற்றுநோய் வந்தது. சராசரியாக நாலு வருடத்துக்குச் சற்று மேல் ஆனது. சிவியர் என்றால் ஆபத்து இதைவிடக் கூடுதல். அதனால் சிவியர் டிஸ்ப்ளேசியாவை முடிந்தவரை முழுசாக வெட்டி எடுப்பார்கள். மைல்டுக்குப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி, சில மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். மாடரேட் நடுவில் நிற்கிறது: திட்டின் நிறம், நாக்கின் ஓரம்போல ஆபத்தான இடமா, பழக்கம் நின்றதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். பழக்கத்தை நிறுத்துவது என்றால் புகையிலையை மட்டும் விட்டுப் பாக்கை வைத்துக்கொள்வது அல்ல. பாக்கும் தானாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்திருக்கிறது.

மைல்டா மாடரேட்டா என்பதில் இரண்டு நோய்க்குறியியல் டாக்டர்கள் ஒரே ஸ்லைடைப் பார்த்து இரண்டு விதமாகச் சொல்வது நடக்கும். யாரும் தப்புச் செய்தார்கள் என்று பொருள் இல்லை. எல்லைக்கோடு அவ்வளவு மெலிது. கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று இருந்தாலும் செல்கள் கெட்டதுபோல் தோன்றும். ரிப்போர்ட்டில் "ஃபங்கல் ஹைஃபே" என்று இருந்தால், பூஞ்சைக்கு மருந்து கொடுத்து, பிறகு மீண்டும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

படி 4: முடிவு வரியில் ஒளிந்திருக்கும் எச்சரிக்கைகள்

"இம்ப்ரெஷன்" அல்லது "டயக்னோசிஸ்" என்பதுதான் முடிவு. அதன் கீழே "கமென்ட்" என்று சின்னதாக வரும் வரியையும் படியுங்கள். "கோரிலேட் கிளினிக்கலி" என்றால், துண்டில் தெரிவதும் வாயில் தெரிவதும் பொருந்துகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும் என்று பொருள். "சஸ்பிஷியஸ்" என்றால் சந்தேகம் பலமாக இருக்கிறது, உறுதி செய்ய இந்தத் துண்டு போதவில்லை. "இன்அடிக்வேட்" என்றால் விடையே இல்லை, திரும்ப எடுக்க வேண்டும்.

மிகப் பெரிய தவறு "பார்த்த திசுவில் இன்வேஷன் இல்லை" என்ற வரியைப் "புற்றுநோய் இல்லை" என்று படிப்பதுதான். நம் எடுத்துக்காட்டில் துண்டு மேலோட்டமானது. தளத்துக்குக் கீழே உள்ள சதையே அதில் போதுமான அளவு இல்லை என்றால், தளம் உடைந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அத்துடன் எடுத்தது வெள்ளை ஓரத்தில். சிவந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. புண்ணின் நட்ட நடுவில் எடுத்தாலும் இதே சிக்கல் வேறு விதமாக வரும்: அங்கே செத்த திசுதான் கிடைக்கும். சிவந்த அல்லது கெட்டியான பகுதியில், புண்ணின் ஓரமும் அடுத்துள்ள நல்ல தோலும் சேர, அடிச் சதைவரை ஆழமாக எடுத்த துண்டுதான் பேசும்.

எப்போது மறு பயாப்ஸி கேட்க வேண்டும்? விரலால் தொட்டால் அடியில் கெட்டியாக இருக்கிறது, வாய் திறப்பது குறைகிறது, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறது, திட்டு வளர்கிறது. ஆனால் ரிப்போர்ட் பினைன் அல்லது மைல்டு என்கிறது. இரண்டும் பொருந்தாதபோது தாளை நம்பிக் காத்திருக்கக் கூடாது. "சார், இது ஆழமா எடுத்த துண்டா? சிவப்பா இருக்கற இடத்துலயும் எடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டால் போதும். எந்த டாக்டரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நம் எடுத்துக்காட்டில் மூன்று வாரத்தில் இரண்டாவது பயாப்ஸி, சிவந்து கெட்டியான இடத்தில். ரிப்போர்ட்: "மாடரேட்லி டிஃபரென்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, கிரேடு 2."

படி 5: கிரேடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

"டிஃபரென்ஷியேஷன்" என்றால், புற்றுச் செல் தான் பிறந்த இடத்து நல்ல செல்லை இன்னும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது. நல்ல செல் கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தைச் செய்யும். புற்றுச் செல்லும் அதைச் செய்துகொண்டிருந்தால் ஸ்லைடில் முத்துப்போல் வட்டம் வட்டமாகத் தெரியும். "கெரட்டின் பேர்ல்" என்று ரிப்போர்ட்டில் இருப்பது அதுதான். அது தாராளமாக இருந்தால் வெல் டிஃபரென்ஷியேட்டட், கிரேடு 1. ஓரளவு என்றால் மாடரேட்லி, கிரேடு 2. அடையாளமே தெரியாமல் போனால் புவர்லி, கிரேடு 3.

"வெல்" என்று பார்த்ததும் நன்றாகிவிட்டது என்றும், "புவர்" என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்றும் நினைப்பவர்கள் உண்டு. அந்தச் சொற்கள் செல்லின் தோற்றத்தைப் பற்றியவை, நோயாளியின் நிலையைப் பற்றியவை அல்ல. கிரேடு 3 வேகமாகப் பரவும் சுபாவம் உள்ளது என்பது உண்மை. ஆனால் வாய்ப் புற்றுநோயில் கிரேடை வைத்து ஸ்டேஜ் போடுவதில்லை. கிரேடு 1 உள்ள கட்டி நாலாவது ஸ்டேஜில் இருக்கலாம், கிரேடு 3 உள்ள கட்டி முதல் ஸ்டேஜிலேயே பிடிபடலாம்.

இந்த இடத்தில் ஸ்லைடையும் பிளாக்கையும் லேபிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள். திருவனந்தபுரத்தில் 1981-ல் தொடங்கிய ஆர்.சி.சி. போன்ற புற்றுநோய் மையத்துக்குப் போனால், வெளியே செய்த பயாப்ஸியைத் தங்கள் டாக்டர்களைக் கொண்டு திரும்பப் பார்ப்பது வழக்கம். தாள் மட்டும் கொண்டுபோனால் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்தவர்கள் திரும்பவும் மலையேறி வர வேண்டியிருக்கும். பிளாக் மெழுகு, வெயிலில் நிற்கும் ஜீப்பின் கண்ணாடிக்கு அடியில் வைக்கக் கூடாது. ஸ்லைடை அட்டைப் பெட்டியில், துணி சுற்றிக் கைப்பையில் வையுங்கள்.

படி 6: ஸ்டேஜ் எப்படிப் போடுகிறார்கள்

ஸ்டேஜ் மூன்று எழுத்துகளில் அடங்கும். டி என்பது கட்டி, என் என்பது கழுத்து நெறிக்கட்டி, எம் என்பது தொலைவில் உள்ள உறுப்புக்குப் பரவியது. முன்னால் சின்ன "c" இருந்தால் கையால் தடவியும் ஸ்கேன் பார்த்தும் போட்ட மதிப்பீடு. "p" இருந்தால் ஆபரேஷனில் எடுத்ததை லேபில் அறுத்துப் பார்த்துப் போட்டது. இரண்டும் வேறாக வருவது சகஜம். அப்படி மாறினால் ஒரு மாதத்தில் நோய் முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதலில் தெரியாதது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான்.

டி எண்ணுக்கு முன்பு கட்டியின் அகலத்தை மட்டும் பார்த்தார்கள். 2018 முதல் நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பு ஸ்டேஜ் முறையில் ஆழமும் சேர்ந்தது. "டெப்த் ஆஃப் இன்வேஷன்" என்று ரிப்போர்ட்டில் தேடுங்கள். பக்கத்து நல்ல தோலின் அடித்தளத்திலிருந்து நேராகக் கோடு போட்டு, அங்கிருந்து புற்று இறங்கிய கடைசிப் புள்ளிவரை மில்லிமீட்டரில் அளப்பது இது. கட்டியின் தடிமன் வேறு. காலிஃபிளவர்போல வெளியே எழும்பிய கட்டி தடிமனாக இருந்தாலும் ஆழம் குறைவாக இருக்கலாம். குழிந்த புண் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கலாம்.

2 சென்டிமீட்டருக்குள், ஆழம் 5 மில்லிமீட்டருக்குள் என்றால் டி1. அகலம் அல்லது ஆழம் அதைத் தாண்டினாலும், 4 சென்டிமீட்டரும் 10 மில்லிமீட்டரும் தாண்டாதவரை டி2. இரண்டில் ஒன்று அந்த அளவையும் தாண்டினால் டி3. இரண்டுமே தாண்டினாலோ, தாடை எலும்பின் கெட்டிப் பகுதிக்குள் புகுந்தாலோ, முகத்தின் வெளித்தோலுக்கு வந்தாலோ டி4.

கழுத்து நெறிக்கட்டிதான் ஸ்டேஜைச் சட்டென்று ஏற்றுவது. அதே பக்கத்தில் ஒன்றே ஒன்று, 3 சென்டிமீட்டருக்குள், தன் உறைக்குள்ளேயே இருந்தால் என்1. உறையைக் கிழித்துப் புற்று வெளியே வந்திருந்தால் அதற்கு "எக்ஸ்ட்ராநோடல் எக்ஸ்டென்ஷன்" என்று பெயர். முழு ரிப்போர்ட்டிலும் சிகிச்சையை அதிகமாக மாற்றும் வரிகளில் இது ஒன்று.

கட்டி டி1, கழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் முதல் ஸ்டேஜ். டி2, கழுத்து சுத்தம் என்றால் இரண்டாவது. டி3, அல்லது டி3 வரையிலான கட்டியோடு என்1 என்றால் மூன்றாவது. டி4, அல்லது என்2, என்3, அல்லது வேறு உறுப்பு என்றால் நாலாவது. வாய்ப் புற்றுநோயில் நாலாவது ஸ்டேஜ் என்றாலே முடிந்தது என்று பொருள் அல்ல. அதற்குள் ஏ, பி, சி என்று பிரிவு உண்டு. 4ஏ-வில் பெரும்பாலும் குணமாக்கும் நோக்கத்தோடுதான் ஆபரேஷன் செய்கிறார்கள். நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புக்குப் போனது 4சி.

நம் எடுத்துக்காட்டில் கழுத்தில் கட்டி கையில் தட்டுப்படவில்லை. சி.டி. ஸ்கேனிலும் சந்தேகமாக எதுவும் இல்லை. அகலம் இரண்டரை சென்டிமீட்டர், ஆழம் 10 மில்லிமீட்டருக்குள் என்று மதிப்பீடு. ஆக ஆபரேஷனுக்கு முன் டி2, இரண்டாவது ஸ்டேஜ்.

படி 7: ஆபரேஷன், பிறகு வரும் பெரிய ரிப்போர்ட்

வாய்ப் புற்றுநோய்க்கு, வெட்டி எடுக்க முடியுமென்றால் முதல் சிகிச்சை ஆபரேஷன்தான். கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நல்ல சதையும் சேர்த்து எடுப்பார்கள். "கழுத்தில் ஒன்றுமே இல்லையே, அங்கே ஏன் வெட்ட வேண்டும்?" என்று எல்லாக் குடும்பமும் கேட்கும். நியாயமான கேள்வி. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை. கட்டியோடு கழுத்தையும் அப்போதே சுத்தம் செய்தவர்களில் மூன்று வருடத்துக்குப் பிறகு 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கழுத்தில் கட்டி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம். ஸ்கேனுக்குத் தெரியாத சிறு பரவல் கழுத்தில் இருக்கக்கூடும் என்பதே காரணம்.

எடுத்துக்காட்டின் கடைசி ரிப்போர்ட் இப்படி வருகிறது. கட்டி 2.8 சென்டிமீட்டர். ஆழம் 7 மில்லிமீட்டர். மிக நெருங்கிய மார்ஜின் 6 மில்லிமீட்டர். நரம்பைச் சுற்றிய பரவல் உண்டு. கழுத்தில் எடுத்த 24 நெறிக்கட்டிகளில் ஒன்றில் புற்று, அது 1.4 சென்டிமீட்டர், உறை கிழியவில்லை. அடியில் இப்படி ஒரு வரி:

```
pT2 pN1
```

இதை வரி வரியாகப் படிப்போம். 2.8 சென்டிமீட்டரும் 7 மில்லிமீட்டரும் டி2-க்குள் அடங்குகின்றன. மார்ஜின் என்றால் புற்றின் கடைசிச் செல்லுக்கும் வெட்டிய ஓரத்துக்கும் இடைவெளி. 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் சுத்தம், அதற்குக் குறைந்தால் நெருக்கம், 1 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் புற்று ஓரத்தில் இருப்பதாகவே கணக்கு. சர்ஜன் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினாரே, 6 மில்லிமீட்டர்தானா என்று பதற வேண்டாம். வெட்டியதும் சதை சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். நெறிக்கட்டி ஒன்றில் புற்று இருப்பதால் என்1. டி2-வும் என்1-ம் சேர்ந்து மூன்றாவது ஸ்டேஜ். கிரேடு 2 என்பது தொடக்கத்திலிருந்து மாறவே இல்லை. ஸ்டேஜ் இரண்டிலிருந்து மூன்றானது, ஸ்கேன் காட்டாத அந்த ஒரு நெறிக்கட்டியால்.

படி 8: இந்த வரிகளிலிருந்து சிகிச்சை எப்படிப் பிறக்கிறது

நெறிக்கட்டியில் ஒன்றும் இல்லாமல், நரம்புப் பரவலும் இல்லாமல் இருந்திருந்தால் ஆபரேஷனோடு நிறுத்திக் கண்காணித்திருப்பார்கள். இங்கே இரண்டும் இருப்பதால் கதிர்வீச்சு சேரும். கதிர்வீச்சை கிரே என்ற அலகில் அளப்பார்கள்; வழக்கமான அளவு 60 கிரே. ஒரு நாளைக்கு 2 கிரே, திங்கள் முதல் வெள்ளிவரை, 30 தடவை, ஆறு வாரம். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் இது தொடங்க வேண்டும். தோட்டத்திலிருந்து தினம் போய் வர முடியாது. தங்கும் இடத்தை ஆபரேஷன் தையல் ஆறும் நாட்களிலேயே ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரிடம் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

பல் டாக்டரை அதற்கும் முன்பே பார்க்க வேண்டும். கெட்ட பற்களைப் பிடுங்கி, கதிர்வீச்சுக்கு முன் புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் விட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. வருடங்கள் கழித்தும் அது வரும். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் கதிர்வீச்சு எடுத்ததை முதலில் சொல்லுங்கள்.

கீமோ வேண்டுமா? நம் எடுத்துக்காட்டில் வேண்டாம். கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்க்க முக்கியமான காரணங்கள் இரண்டு: நெறிக்கட்டியின் உறை கிழிந்திருப்பது, வெட்டிய ஓரத்தில் புற்று இருப்பது. அதே 1.4 சென்டிமீட்டர் நெறிக்கட்டியின் உறை கிழிந்திருந்தால் என்1 என்பது என்2ஏ ஆகி, ஸ்டேஜ் 4ஏ ஆகி, கீமோவும் சேர்ந்திருக்கும். அப்போது சிறுநீரகம், காது கேட்கும் திறன் இரண்டையும் முன்கூட்டிப் பரிசோதிப்பார்கள், ஏனென்றால் சிஸ்பிளாட்டின் இரண்டையும் தாக்கும். ஆகவே அந்த ஒரு வரி ரிப்போர்ட்டில் எழுதப்படாமல் விடுபட்டிருந்தால் கேட்டு வாங்க வேண்டும். ஆழம், மார்ஜின், நரம்புப் பரவல், இரத்தக் குழாய்ப் பரவல், எத்தனை நெறிக்கட்டியில் எத்தனை, உறை கிழிந்ததா: இந்த ஆறும் கடைசி ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

சிகிச்சை முடிந்த முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை இருக்கும், பிறகு இடைவெளி கூடும். ஒரு கன்னத்தில் வந்த வாயில் மறு கன்னத்திலும் நாக்கிலும் புதிதாக வரலாம், ஏனென்றால் வெற்றிலைச் சாறு பட்டது வாய் முழுக்க. வீட்டில் டார்ச் அடித்து மாதம் ஒருமுறை பாருங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்ததிலேயே, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புதுத் திட்டு தெரிந்தால் புது பயாப்ஸி, புது எண். பழைய ரிப்போர்ட்டையும் அந்த எண்ணையும் அதே உறையில் போட்டு எடுத்துப் போங்கள். புதிதாகப் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.